சப்போர்ட் டீமுக்கு கேபிஐ வைப்பது எப்படி: கணக்குக் காட்டும் வேலைக்கு இடம் கொடுக்காமல்

கடைகளுக்கும் சின்ன கம்பெனிகளுக்கும் பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில், 11 பேர் கொண்ட சப்போர்ட் டீமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் காலை 11 மணிக்கு டிக்கெட் போட்டார். அன்று காலை பத்தரைக்குப் போட்ட இ-இன்வாய்ஸில் தொகை தப்பு, ரத்து செய்யப் போனால் எரர் வருகிறது என்று எழுதியிருந்தார். ஒன்பதாவது நிமிடம் எங்களிடமிருந்து பதில் போனது: "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்." பதில் அனுப்பிய கையோடு டிக்கெட்டை பென்டிங்கில் போட்டாயிற்று. எங்கள் அறிக்கையில் அன்றைக்கு எல்லாமே பச்சை.

இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ரத்து செய்ய முடியும். அந்த இன்வாய்ஸின் சரக்கை அனுப்ப எடுத்த இ-வே பில் உயிரோடு இருந்தால் ரத்து ஆகாது, அதை முதலில் ரத்து செய்ய வேண்டும். அவருக்கு வந்த எரர் அதுதான், ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மறுநாள் மதியம் நாங்கள் திறந்து பார்த்தபோது நேரம் முடிந்துவிட்டது, அவர் கிரெடிட் நோட் போட்டுச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. டிக்கெட்டைப் பார்த்த பையனிடம் கேட்டேன். "முதல் பதில் பத்து நிமிஷத்துக்குள்ள போகணும்னுதானங்க அக்கா சொன்னீங்க, ஒன்பதாவது நிமிஷமே போட்டுட்டேனுங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. நான் கேட்டதைத்தான் அவன் கொடுத்திருக்கிறான், கேட்டது தப்பு.

அதற்குப் பிறகு கேபிஐ, அதாவது டீமின் வேலையை அளக்க வைத்திருந்த எண்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கட்டினோம். புதிதாக டீம் லீட் ஆகிறவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சேர்த்து, வரிசையாகக் கீழே எழுதுகிறேன். வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் ஆறாவது படியான டார்கெட்டில் தொடங்குகிறார்கள், சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத டிக்கெட்டுகளின் எக்ஸ்போர்ட் வேண்டும். திறந்த நேரம், முடித்த நேரம் மட்டும் போதாது, நடுவில் ஒவ்வொரு முறை ஸ்டேட்டஸ் மாறிய நேரமும் வேண்டும். அது இல்லையென்றால் ஒரு டிக்கெட் பென்டிங்கில் எவ்வளவு நேரம் தூங்கியது என்று தெரியவே தெரியாது.

அடுத்து, டிக்கெட் டூலின் செட்டிங்ஸை மாற்றும் உரிமை. விதியைப் பேப்பரில் எழுதிவிட்டு டூலில் பழையபடி விட்டால் பழையதுதான் நடக்கும்.

மூன்றாவது, மேனேஜரிடமிருந்து ஒரு வாக்கு: முதல் இரண்டு மாதம் இந்த எண்கள் யாருடைய அப்ரைசலிலும் வராது. இதை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்ரைசலில் வரும் என்று டீம் நினைத்தால், முதல் நாளிலிருந்தே அழகாக்கப்பட்ட எண்தான் உங்களுக்கு வரும். நிஜ நிலவரம் என்ன என்று தெரியாமலேயே போய்விடும்.

## 1. எண்ணைத் தேடும் முன் 100 டிக்கெட் படியுங்கள்

மூன்று மாத டிக்கெட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல 100 டிக்கெட்டை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும், ஆகட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்த வாடிக்கையாளருக்கு எங்கே வலித்தது? ஒரு எக்செல் ஷீட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். "மூன்று பேரிடம் ஒரே கதையைச் சொன்னார்", "பதில் வந்தது, ஆனால் அவர் கேட்டதற்கு இல்லை", "இரண்டு நாள் சத்தமே இல்லை" என்பது மாதிரி.

நாங்கள் படித்தபோது முதல் பதில் தாமதம் என்ற புகார் மிகக் குறைவாகத்தான் இருந்தது. நாங்கள் இரண்டு வருடமாக விரட்டிக்கொண்டிருந்த எண்ணோ அதுதான். வாடிக்கையாளர்களுக்கு வலித்தது, தீர்ந்தது என்று முடித்த விஷயத்துக்கே மறுபடி வர வேண்டியிருந்ததில். கடைக்காரர் கவுன்ட்டரில் ஆளை நிற்க வைத்துக்கொண்டு எழுதுகிறார், அவருக்கு "உங்கள் டிக்கெட் கிடைத்தது" என்ற செய்தியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் டூலின் டாஷ்போர்டில் ரெடியாக இருக்கும் எண்களையே எடுத்துக்கொள்கிறார்கள். அவை எண்ணுவதற்கு எளிது என்பதால் அங்கே இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளரின் வலி அங்கே இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

## 2. கடிகாரம் எங்கே தொடங்கும், எங்கே நிற்கும் என்று எழுதுங்கள்

எண் ஏமாற்றப்படும் இடங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கின்றன என்பது என் அனுபவம். யாரும் பொய் எழுதுவதில்லை. கடிகாரத்தை நிறுத்தும் பட்டன் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பட்டன் பெயர் பென்டிங். வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்பதற்காக வந்த ஸ்டேட்டஸ் அது. நடைமுறையில் டெவலப்பரிடம் கேட்டிருக்கிறோம், சாப்பிடப் போகிறேன், இது கஷ்டமான டிக்கெட், ஷிப்ட் முடிந்தது என எல்லாவற்றுக்கும் அதே பட்டன்தான். நாங்கள் போட்ட விதி இது: வாடிக்கையாளரால் பதில் சொல்ல முடிந்த, குறிப்பான ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மட்டுமே பென்டிங். "எரர் வரும் ஸ்க்ரீனை போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டால் போடலாம். "பார்க்கிறோம்" என்று எழுதிவிட்டுப் போடக் கூடாது. டெவலப்பருக்காகக் காத்திருப்பதற்கு ஆன்-ஹோல்டு என்று தனி ஸ்டேட்டஸ், அதில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் வாடிக்கையாளருக்கு நம் டெவலப்பரும் நாமும் ஒன்றுதான்.

இன்னொரு கேள்வி, முடிந்தது என்று யார் சொல்வது? நாம் சால்வ்டு போட்ட நேரமா, வாடிக்கையாளர் சரி என்ற நேரமா? எல்லோரும் சரி என்று பதில் எழுத மாட்டார்கள், எனவே இரண்டாவதை மட்டும் நம்பினால் கணக்கே வராது. நாங்கள் சால்வ்டு போட்ட நேரத்தையே எடுத்துக்கொண்டோம். ஆனால் அதற்குப் பிறகு ஏழு நாளுக்குள் அதே வாடிக்கையாளர் அதே விஷயத்துக்குத் திரும்பி வந்தால் அந்தச் சால்வ்டு செல்லாது, கடிகாரம் முதல் நாளிலிருந்தே ஓடியதாகக் கணக்கு. இந்த ஒரு விதி வந்ததும் அவசரமாக சால்வ்டு போடுவதில் லாபம் இல்லாமல் போனது.

அப்புறம் வேலை நேரமா, முழு நேரமா என்பது. காலை 9 முதல் இரவு 8 வரை டீம் இருந்தால் பொதுவாக வேலை நேரத்தை மட்டும் எண்ணலாம். இ-இன்வாய்ஸ் மாதிரி வெளியில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும் டிக்கெட்டுக்கு மட்டும் நாள் முழுக்க ஓடும் கடிகாரம் வேண்டும். போர்ட்டலின் 24 மணி நேரம் நம் ஷிப்டுக்காக நிற்காது.

## 3. மூன்று அளவீடு போதும், ஒன்று இன்னொன்றைப் பிடித்திருக்க வேண்டும்

எந்த ஒற்றை எண்ணையும் தனியாக விட்டால் அதைத் தூக்கிக் காட்ட ஒரு குறுக்குவழி இருக்கும். அந்தக் குறுக்குவழியில் போனால் விழுந்துவிடும் இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைக்க வேண்டும். நாங்கள் வைத்த மூன்று இவை.

முழுத் தீர்வு நேரம். சராசரியை எடுக்காதீர்கள். 10 டிக்கெட்டில் ஒன்பது 1 மணி நேரத்திலும் ஒன்று 61 மணி நேரத்திலும் முடிந்தால் சராசரி 7 மணி. யாருமே 7 மணி நேரம் காத்திருக்கவில்லை, அந்த எண் யாருடைய கதையையும் சொல்லவில்லை. 100-ல் 90 டிக்கெட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்று பாருங்கள். ஷீட்டில் E பத்தியில் தீர்வு நேரம் இருந்தால்:

```
=PERCENTILE(E2:E800,0.9)
```

மிச்சமுள்ள 10 டிக்கெட்டை எண்ணாகப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டிய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

ஏழு நாளில் திரும்பி வந்தவர்கள். டூல் காட்டும் ரீஓப்பன் எண்ணிக்கை இதற்குப் போதாது. ரீஓப்பனை எண்ணத் தொடங்கியதும், "தயவுசெய்து புது டிக்கெட் போடுங்கள்" என்ற பதில் எங்கள் டீமில் பெருகியது. அதனால் டிக்கெட்டை எண்ணுவதை விட்டுவிட்டு வாடிக்கையாளரை எண்ணினோம். A பத்தியில் வாடிக்கையாளர் எண், B-யில் டிக்கெட் திறந்த நேரம், C-யில் முடித்த நேரம் என்றால்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,">"&C2,B:B,"<="&C2+7)
```

0 வந்தால் ஏழு நாளில் வேறு டிக்கெட் எதுவும் போடவில்லை. முடித்த டிக்கெட்டுகளுக்கு மட்டும் ஓட்டுங்கள், C காலியாக இருந்தால் விடை தப்பாக வரும். பழைய டிக்கெட்டையே ரீஓப்பன் செய்தவர்கள் இதில் வர மாட்டார்கள், அவர்களைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய வாடிக்கையாளர்கள் சம்பந்தமே இல்லாத வேறு விஷயத்துக்கும் வருவார்கள், அதனால் 1 அல்லது அதற்கு மேல் வந்ததில் ஒரு 30 டிக்கெட்டைப் படித்து எத்தனை நிஜமாகவே அதே பிரச்சினை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகமாக முடிக்கச் சொல்லும் முதல் எண்ணை இந்த இரண்டாவது எண் பிடித்திருக்கிறது. அரைகுறையாக முடித்தால் ஒன்று ஏறும், மற்றது விழும்.

படித்துப் பார்த்த தரம். ஒவ்வொருவரிடமிருந்தும் மாதம் 5 டிக்கெட். அதை ஷீட்டின் ரேண்டம் எண் தேர்ந்தெடுக்க வேண்டும், டீம் லீட் தேர்ந்தெடுக்கக் கூடாது. இவற்றோடு, அவரே பெருமையாகக் காட்ட விரும்பும் 2 டிக்கெட்டையும் அவர் கொண்டுவரலாம். கேள்விகள் நான்குதான், விடை ஆம் அல்லது இல்லை: கேட்டதற்குப் பதில் போயிருக்கிறதா? பதில் சரியா? அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வாடிக்கையாளருக்குப் புரியுமா? கெடு ஏதாவது இருந்தால் கவனித்திருக்கிறோமா? திருப்பூர் டிக்கெட்டுக்கு நான்கிலுமே இல்லை என்றுதான் வந்திருக்கும்.

தொடங்கும் முன் இரண்டு பேர் ஒரே 10 டிக்கெட்டைத் தனித்தனியாகப் படித்து விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நிறைய இடத்தில் வேறுபட்டால் கேள்வி தெளிவில்லை, அதைத் திருத்துங்கள். "பணிவாக எழுதினாரா" என்ற கேள்வியை நாங்கள் இப்படித்தான் தூக்கினோம். எனக்குப் பணிவாகப் பட்டது இன்னொருவருக்கு வளவளவென்று பட்டது.

வாடிக்கையாளர் ரேட்டிங் எங்கே என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், டீம் மொத்தத்துக்கு மட்டும். ஒருவருக்கு மாதம் 20 ரேட்டிங் வருகிறது, 17 நல்லது என்றால் 85 சதவீதம். அதே 20-ல் கோபக்காரர் இரண்டு பேர் கூடிவிட்டால் 75. அவர் வேலையில் எதுவும் மாறவில்லை. இதை வைத்து ஒருவரைப் பற்றி முடிவெடுப்பது நியாயம் இல்லை. ரேட்டிங் கேட்கும் செய்தியை டூல் தானாக எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், யாருக்கு அனுப்புவது என்பது ஏஜென்ட் கையில் இருந்தால் சிரித்துப் பேசிய வாடிக்கையாளருக்கு மட்டும்தான் போகும்.

போனில் பேசும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள், எத்தனை பேரை எந்த ஷிப்டில் போடுவது என்று திட்டமிட அது வேண்டும். டார்கெட்டாக மட்டும் வைக்காதீர்கள். ஆறு நிமிடம் என்று எழுதிப் போட்டால், ஐந்தே முக்கால் நிமிடத்தில் "லைன் கட் ஆகிவிட்டது சார்" தொடங்கும்.

## 4. டீமையே கூப்பிட்டு ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்

மூன்றையும் எழுதி முடித்ததும் டீமை உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "வேலையை நன்றாகச் செய்யாமலே இந்த எண்ணை நன்றாகக் காட்ட என்ன வழி?" துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் வேண்டாம். வாயால் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், தன் வழியைத் தானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

எங்களுக்கு வந்த சீட்டுகளில் நான் யோசித்தே பார்க்காதவை இருந்தன. கஷ்டமான டிக்கெட்டை வேறு பிரிவுக்கு மாற்றி அனுப்பினால் அது அவர்கள் கணக்கு. போனில் திரும்பி வருபவரை டிக்கெட்டாகப் பதியாமலே விட்டால் அவர் வரவே இல்லை. காலையில் முதலில் வந்து பாஸ்வேர்டு மறந்த டிக்கெட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டால் நாள் முழுக்க நிம்மதி.

ஒவ்வொன்றுக்கும் பதில் விதியாகவோ செட்டிங்காகவோ இருக்க வேண்டும், "அப்படிச் செய்யாதீர்கள்" என்ற அறிவுரையாக இருக்கக் கூடாது. பிரிவு மாறினாலும் முதலில் வாங்கியவர் பெயர் டிக்கெட்டில் நிற்கும்படி செய்தோம். போன் வந்தால் டிக்கெட் தானாகத் திறக்கும்படி இணைத்தோம். அள்ளிக்கொள்வதற்கு முடிவாக, டிக்கெட்டை டூலே வந்த வரிசையில் பிரித்துக் கொடுக்கும், யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. விதியால் அடைக்க முடியாத ஓட்டை ஒன்றிரண்டு மிஞ்சும், அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எட்டாவது படியில் தேவைப்படும்.

## 5. ஆறு வாரம் டார்கெட் இல்லாமல் ஓட்டுங்கள்

எண்களை எல்லோரும் பார்க்கலாம், இலக்கு என்று எதுவும் கிடையாது. ஆறு வாரம் ஏன் என்றால் மாதச் சுழற்சி ஒன்றாவது முழுதாக உள்ளே வர வேண்டும். எங்கள் தொழிலில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கெடு மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் டிக்கெட் கொட்டும். 12-ம் தேதியிலிருந்து 17 வரை மட்டும் பார்த்துவிட்டு இலக்கு வைத்தால் அடுத்த 19-ம் தேதி டீம் மொத்தமும் தோற்கும், தோற்கும் எண்ணைக் காப்பாற்றத்தான் பென்டிங் பட்டனுக்குக் கை போகும்.

ஒப்பிடும்போதும் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்தின் இதே தேதிகளோடு ஒப்பிடுங்கள்.

## 6. டார்கெட்டை வரம்பாக வையுங்கள், பணத்தைத் தள்ளி வையுங்கள்

ஆறு வாரத்தில் 100-ல் 90 டிக்கெட் 14 மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "12 மணி" என்று ஒரே கோடு போடாமல், "12 முதல் 15 வரை இயல்பு, 15-க்கு மேல் போனால் உட்கார்ந்து பேசுவோம், 10-க்குக் கீழ் போனாலும் உட்கார்ந்து பேசுவோம்" என்று எழுதினோம். கீழே போனால் ஏன் பேச வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். ஆளும் மென்பொருளும் மாறாமல் திடீரென்று நேரம் அவ்வளவு குறைந்தால், ஒன்று நல்ல காரணம் இருக்கும், அதை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம், இல்லையென்றால் எங்கோ கடிகாரம் நிற்கிறது.

ஒரே கோட்டில் பணத்தைக் கட்டுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. 90 சதவீதம் தாண்டினால் 3,000 ரூபாய் என்று வைத்தால், 28-ம் தேதி 89-ல் நிற்கும் ஆள் என்ன செய்வார்? அவருக்கு வாடகை இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. மேலிடம் இன்சென்டிவ் இருந்தே ஆக வேண்டும் என்றால் டீம் மொத்தத்துக்கும் ஒன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள், மூன்று அளவீடும் சேர்ந்து வரம்புக்குள் இருந்தால் மட்டும், அதுவும் மாதத்துக்கு இல்லாமல் காலாண்டுக்கு. டீமுக்கு என்றால் நடக்கும் இன்னொரு நல்ல விஷயம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் ஒதுக்குகிறார். தனிநபர் எண் இருந்தபோது அந்த நேரம் அவருக்கு நஷ்டம்.

## 7. தனிநபர் எண்ணை வரிசைப்பட்டியல் ஆக்காதீர்கள்

எங்கள் டீமின் சீனியர் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு டிக்கெட்தான் முடிப்பார். டேட்டாபேஸ் உடைந்தது, பழைய மென்பொருளிலிருந்து ஸ்டாக் வராதது எல்லாம் அவரிடம். பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பவர் நாற்பது முடிப்பார். சுவரில் ஒட்டிய பட்டியலில் சீனியர் எப்போதும் கடைசி. ஒரு கட்டத்தில் அவரும் கஷ்டமான டிக்கெட்டை வாங்குவதை நிறுத்தினார், அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டிக்கெட்டுக்கு எடை போடலாமே, கஷ்டமானதற்கு 3 புள்ளி, எளிதானதற்கு 1 என்று சிலர் சொல்வார்கள். எடையை ஏஜென்ட் போட்டால் எல்லாமே 3 ஆகிவிடும், லீட் போட்டால் நாள் முழுக்க அதுவே வேலை. நாங்கள் ஒரே வகைக்குள் மட்டும் ஒப்பிட்டோம், பிரின்டர் டிக்கெட்டை பிரின்டர் டிக்கெட்டோடு. அதையும் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசும்போது மட்டும் எடுத்தோம், படித்துப் பார்த்த டிக்கெட்டுகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு.

## 8. மாதம் ஒரு முறை தடயம் பாருங்கள்

எவ்வளவு அடைத்தாலும் புது வழி வரும். அரை நாள் ஒதுக்கி மூன்றை மட்டும் பாருங்கள்.

முதலாவது, எல்லைக்கு முன்னால் குவியல். தீர்வு நேரங்களை மணிவாரியாக வரைந்தால் சரிவாக இறங்க வேண்டும். ஏதோ ஒரு கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் மேடு தெரிந்தால் அந்தக் கோட்டுக்காக வேலை நடக்கிறது. மாதத்தின் கடைசி இரண்டு நாளில் சால்வ்டு எண்ணிக்கை எகிறுவதும் இதே வகை.

இரண்டாவது, பென்டிங்கில் இருக்கும் டிக்கெட்டில் 20 எடுத்து, கடைசியாக நாம் எழுதிய வரியை மட்டும் படியுங்கள். அதில் வாடிக்கையாளரிடம் குறிப்பாக ஏதாவது கேட்டிருக்கிறோமா? இல்லையென்றால் ஏன் பென்டிங்?

மூன்றாவது, ரேட்டிங் ஏறும்போது ரேட்டிங் கொடுத்தவர்கள் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் செய்தி சிலருக்குப் போகவில்லை. ஒரு மாதம் இப்படிப் பார்த்தபோது, கோபமாக எழுதியவர்களின் டிக்கெட்டுகள் ஸ்பாம் என்று மூடப்பட்டிருந்தன, ஸ்பாமுக்கு ரேட்டிங் செய்தி போகாது.

கண்டுபிடித்ததும் ஆளைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள், முதலில் விதியைப் பாருங்கள். ஸ்பாம் விஷயத்தில் தனிநபர் ரேட்டிங்கை நான் இன்னும் வாராந்திர மீட்டிங்கில் வாசித்துக்கொண்டிருந்தேன், அந்த வழக்கத்தை நிறுத்தினேன், ஸ்பாம் பட்டனை இரண்டு பேர் கையில் மட்டும் விட்டேன். விதியைச் சரிசெய்த பிறகும் அதே ஆள் அதையே செய்தால் அப்போது தனியாகப் பேசலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை முதல் படிக்குத் திரும்புங்கள், 100 இல்லாவிட்டாலும் 40 டிக்கெட். வாடிக்கையாளரின் வலி இடம் மாறியிருந்தால் அளவீட்டையும் மாற்றுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள், எடுத்ததை டாஷ்போர்டிலிருந்தும் நீக்குங்கள். அங்கே தெரிந்துகொண்டிருக்கும் வரை அதற்காகவும் யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள்.